உப்புக்கறி என்றால் உப்புக்கண்டம் அல்ல

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் காரைக்குடிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் மதியச் சாப்பாட்டுக்கு ஒதுங்கும் மெஸ் அது. மெனு கார்டை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் புதிதாக எழுதுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். எழுதுபவர் புதுச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் பெண். கல்லாவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். அவரோ அடுப்படியில் மாஸ்டருக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

பழைய கார்டை வாங்கிப் பார்த்தேன். உப்புக்கறிக்கு நேரே ‘சால்ட் மட்டன்’ என்று இருந்தது. படிக்கிற பிரெஞ்சுக்காரர் அதை உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்திய இறைச்சி என்றுதான் எடுத்துக்கொள்வார்; நம்மூர் உப்புக்கண்டத்தை நினைத்துக்கொள்ளலாம். உண்மையில் அன்று காலை வாங்கிய கறி அது. மசாலாப் பொடி எதுவும் போடாமல் உப்பும் மிளகாயும் வைத்துச் சமைப்பதால்தான் அந்தப் பெயர். ‘மட்டன்’ என்பதும் சரியில்லை. ஐரோப்பாவில் அந்தச் சொல் வளர்ந்த செம்மறியைக் குறிக்கும். இங்கே சட்டியில் கிடப்பது வெள்ளாடு. இரண்டே சொல்லில் இரண்டு தவறான தகவல்.

“அண்ணே, சட்டி வச்சதும் முதல்ல என்ன போடுவீங்க?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“நல்லெண்ணெய்ம்மா. காஞ்சதும் குண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டுருவேன்.”

“விதையோடயா?”

“பாதி விதைய உதுத்துருவேன். முழுசாப் போட்டா உள்ளூர்க்காரவுகளே தாங்க மாட்டாக.”

பிறகு உரித்த சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாக விழுந்தன. அவை வதங்கியதும் மஞ்சள்தூள், எலும்போடு சின்னத் துண்டுகளாக வெட்டிய கறி, உப்பு, கொஞ்சம் தண்ணீர். மூடி போட்டு வேகவிட்டார். கறி வெந்தபின் மூடியை எடுத்து, தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை கிளறினார். இதில் அந்தப் பெண் முதலில் குறித்துக்கொண்டது வினைச்சொற்களை மட்டுந்தான்: கிள்ளினார், வதக்கினார், மூடினார், சுண்டவிட்டார். பொருள்களின் பெயர் பிறகு. சமையல் முறை தொலைந்துபோவது வினைச்சொல்லில்தான் என்றார்.

அது ஏன் என்பதற்குப் பழைய கார்டே சாட்சி. கோழி வறுவல், பீன்ஸ் பொரியல், சிக்கன் 65, மூன்றுக்கும் அதில் ‘ஃப்ரை’ என்றே போட்டிருந்தது. சிக்கன் 65 மாவு பிசறி, எண்ணெய் நிறைந்த சட்டியில் முக்கிப் பொரிப்பது. கோழி வறுவல் மசாலாவிலேயே வெந்து, ஈரம் சுண்டி, துண்டின்மேல் மசாலா ஒட்டி நிற்பது. பீன்ஸ் பொரியலோ கொஞ்சம் தண்ணீர் தெளித்து வேகவைத்துத் தேங்காய்ப்பூ தூவுவது. மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால், வறுவல் கேட்டவர் மொறுமொறுப்பை எதிர்பார்ப்பார். “வறுவல் சரியாப் பொரியலைன்னு திருப்பி அனுப்புவாங்க சார்” என்றார் சப்ளையர். சமையலில் குறையே இல்லை. புதிய கார்டில் ‘எண்ணெயில் முக்கிப் பொரித்தது’, ‘மசாலாவோடு சுண்ட வறுத்தது’, ‘வேகவைத்துத் தாளித்தது’ என்று மூன்றுக்கும் தனித்தனித் தொடர்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வராது.

காரத்தைச் சொல்வதுதான் பெரிய சிக்கல். பல ஓட்டல்களில் செய்வதுபோல இங்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மிளகாய்ப் படம் போட்டிருந்தார்கள். அது பாதிப் பதில்தான். மிளகின் காரம் வேறு, மிளகாயின் காரம் வேறு. மிளகு தொண்டையில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். மிளகாய் நாக்கிலும் உதட்டிலும் தங்கி எரியும். மிளகைப் பழகியவருக்கும் மிளகாய் தாங்காமல் போகலாம். ஆங்கிலத்தில் வெறுமனே ‘பெப்பர்’ என்று எழுதினால் குடைமிளகாயா என்ற சந்தேகமும் வரும். பிரெஞ்சில் மிளகு, மிளகாய், குடைமிளகாய் மூன்றுக்கும் தனிப் பெயர்கள் உண்டு: புவாவ்ர், பிமாங், புவாவ்ரோன். அதனால் எது என்பதைப் பார்த்தே எழுத வேண்டும்.

நிறமும் ஏமாற்றும். சிவப்பாக இருந்தால் காரம் என்பது பயணிகள் போடும் கணக்கு. காஷ்மீர் மிளகாய் நிறத்தைக் கொடுக்கும், காரத்தை அவ்வளவாகக் கொடுக்காது. உப்புக்கறி பார்க்க வெளிறி இருக்கும். ஆனால் எண்ணெயில் இறங்கியிருப்பது 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய். எனவே அதன் கீழே, ‘நிறம் வெளிர், காரம் அதிகம், மிளகாயைக் கடிக்க வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

அடுத்து அந்தப் பெண் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “காரம் கொறைச்சுக் கேட்டா, எதெதுல முடியும்ணே?”

கோழி மிளகு வறுவலில் முடியும் என்றார் மாஸ்டர். மிளகைக் கடைசியில்தான் இடித்துத் தூவுகிறார். கை குறைத்தால் போதும். மீன் குழம்பில் முடியாது. காலையிலேயே கொதித்து இறக்கிவிட்ட குழம்பு அது. உப்புக்கறியிலும் முடியாது, காரம் முதல் நிமிடத்திலேயே எண்ணெயில் இறங்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு உணவுக்கும் மூன்று விவரங்கள்: காரம் எவ்வளவு, எதிலிருந்து வருகிறது, குறைக்க முடியுமா. மூன்றாவதை எழுதாவிட்டால் சப்ளையர் ‘சரி’ என்று தலையாட்டிவிட்டு அதே குழம்பைத்தான் கொண்டுவந்து வைப்பார்.

கண்ணுக்குத் தெரியாத பொருள்களுக்கென்று தனிச் சுற்று ஒன்று நடந்தது. ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்களை உணவகங்கள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அங்கிருந்து வருபவர்கள் இங்கும் அதைத் தேடுவார்கள். அந்தப் பட்டியலில் கடுகும் எள்ளும் உண்டு. நம் தாளிப்பில் கடுகு, நல்லெண்ணெயில் எள். இரண்டையும் நாம் பொருளாகவே எண்ணிச் சொல்வதில்லை. குருமாவில் அரைத்துவிட்ட முந்திரியும் அப்படியே. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாதவருக்கு ஒரு கரண்டி ரசமும் ஆபத்து. மாஸ்டர் டப்பாவைத் திருப்பிக் காட்டினார், லேபிளில் இருந்தது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் குறி போட்டார்கள்.

கடைசியாகச் சோதனை. உப்புக்கறிக்கு எழுதியது தமிழில் இப்படி வரும்: ‘எலும்போடு கூடிய வெள்ளாட்டுக் கறித் துண்டுகள், சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிய வரமிளகாயோடு நல்லெண்ணெயில் சுண்ட வறுத்தது. குழம்பு இருக்காது. மிளகாய்க் காரம், அதிகம், குறைக்க இயலாது. எள் உண்டு.’ இதை உணவின் பெயரைச் சொல்லாமல் மாஸ்டரிடம் வாசித்தார் அந்தப் பெண். “நம்ம உப்புக்கறி” என்றார் அவர். பிறகு சாப்பிட வந்திருந்த பிரெஞ்சுத் தம்பதியிடம் வரைவைக் கொடுத்து, தட்டில் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். ஊறுகாய்போலக் காரமான, குழம்பில்லாத ஆட்டுக்கறி என்றார் கணவர். இதை எதனோடு சாப்பிடுவது என்று மனைவி கேட்டார். ‘சோறும் ரசமும் சேர்த்துச் சாப்பிடுவது வழக்கம்’ என்ற வரி அதன்பின் சேர்ந்தது.

பெயரை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. ‘உப்புக்கறி’ என்பதையே ஆங்கில எழுத்தில் மேலே பெரிதாகப் போட்டு, விளக்கத்தைக் கீழே வைத்தார்கள். விருந்தினர் விரல் வைத்துக் காட்டுவதும் சப்ளையர் அடுப்படிக்குச் சொல்வதும் ஒரே பெயராக இருக்கும்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. கார்டில் இருப்பது இந்த மாஸ்டரின் கைப்பக்குவம். ஆள் மாறினாலோ, குண்டு மிளகாய்க்குப் பதில் நீட்டு மிளகாய் வாங்கினாலோ, பெருங்காய பிராண்டை மாற்றினாலோ அந்த வரி பொய்யாகிவிடும். ஆகவே ஓட்டல் நடத்துபவர்கள் கார்டை அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒரு முறையும், அடுப்படியில் எது மாறினாலும் இன்னொரு முறையும், அதை மாஸ்டரிடம் தமிழில் வாசித்துக் காட்டிவிடுங்கள்.