ஓய்வு பெறப்போகும் மூத்தவரிடம் எப்படிக் கேட்பது?



"சார், எங்க ஆபீஸ்ல மூத்தவர் ஒருத்தர் ரிடையர் ஆகப்போறார். தெரிஞ்சதை எழுதிக் கொடுங்கன்னு கேட்டா தப்பா நினைப்பாரோ?" என்று மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். கோவளம் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளியில் நடந்ததையே பதிலாக எழுதுகிறேன்.

எங்கள் கிளார்க் சார் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. டி.சி.யைத் தொலைத்துவிட்டு பழைய மாணவர் யார் வந்தாலும் பத்து நிமிடத்தில் பதிவேட்டில் பக்கத்தை எடுத்துவிடுவார். மற்றவர்கள் தேடினால் அரை நாள் ஆகும்.

"எல்லாத்தையும் எழுதி வெச்சிட்டுப் போங்க" என்று நான் சொல்லவில்லை. அது 'எப்போ கிளம்புறீங்க' என்று கேட்பது போல ஆகிவிடும். "சார், அடுத்து யாராவது டி.சி. கேட்டு வந்தா நானும் பக்கத்துல உட்காரட்டுமா? நான் எழுதறேன், நீங்க திருத்திக் கொடுங்க" என்றேன். உடனே சம்மதித்தார்.

அந்த வாரமே ஒரு மீனவத் தம்பி வந்தார். சேர்க்கை எண் தெரியாது. கிளார்க் சார் கேட்ட முதல் கேள்வி, "எந்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டே?" அந்த வருட டி.சி. அடிக்கட்டைப் புத்தகத்தை எடுத்தார். அதில் சேர்க்கை எண் இருக்கும். எண் கிடைத்தால் பதிவேட்டில் பக்கம் கிடைக்கும். ஆனால் அந்தப் பெயரே அதில் இல்லை. "ஞானஸ்நானப் பேர் என்னப்பா?" என்றார். ஊர் கூப்பிடுவது ஒரு பெயர், பள்ளியில் கொடுத்தது வேறு. உடனே கிடைத்துவிட்டது.

"சேர்ந்த வருஷத்தை ஏன் சார் கேட்கலை?" என்றேன். "அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. விட்ட வருஷத்தை, கடலுக்குப் போக ஆரம்பிச்சதை வெச்சுச் சொல்லிடுவாங்க" என்றார். நோட்டில் எழுத வேண்டியது இந்தக் 'ஏன்'தான். டி.சி.யே வாங்காமல் நின்றவருக்கு அடிக்கட்டை இருக்காது, அப்போது பழைய வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பதையும் அன்றே சொன்னார்.

நான்கு மாதம் கழித்து, நோட்டை மட்டும் கொடுத்து இளைய உதவியாளரைத் தேடச் சொன்னோம். பெரியவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தம்பி ஒரு இடத்தில் திணறினார். பழைய பதிவேடு ஒன்றை பைண்டிங் செய்தபோது இரண்டு வருடப் பக்கங்கள் மாறிப்போயிருந்தன. பெரியவருக்கு அது பழகிப்போன விஷயம், அதனால் சொல்லத் தோன்றவில்லை. அதையும் எழுதிக்கொண்டோம். முதல் பக்கத்தில் அவர் பெயரையும் தேதியையும் போட்டோம்.

ஆகவே மகளே, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் வேலையிலிருந்து தொடங்கு. அவர் போவதற்குள் அது மறுபடி வராது. கடைசி இரண்டு மாதத்துக்குத் தள்ளிப்போடாதே, அப்போது பென்ஷன் தாள்களே அவர் நேரத்தைத் தின்றுவிடும். பாஸ்வேர்டுகளை மட்டும் நோட்டில் எழுதாதே. அவர் போகும் அன்றே மேலதிகாரி அவற்றை மாற்றிக்கொள்ளட்டும்.