120 பெட்டிகள்: பாடசாலைக் குழுப் படத்துக்கு என்ன நடந்தது?



எங்கள் பாடசாலையின் 1978ஆம் ஆண்டு ஆசிரியர் குழுப் படம் ஊர்க் குழுக்களில் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். கடதாசிப் பிரதி வைத்திருந்த வீடுகள் கடற்கரைப் பக்கம் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று அல்பங்களும் அலையோடு போய்விட்டன. இன்று மிஞ்சியிருப்பது கைக்குக் கை மாறிய ஜேபெக் கோப்பு மட்டும்தான். அதில் வானம் ஓடு பதித்த சுவர் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிகிறது. இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் மர்ஹூம் ஆசிரியரின் பிள்ளைகளிடம் வாப்பாவின் வேறு படம் இல்லை. பாடசாலை மலரில் போடுவதற்காக அதைச் சுத்தம் செய்து தரும்படி எங்களிடம் கேட்டார்கள். என்ன செய்தோம், எங்கே நிறுத்தினோம் என்று பலரும் கேட்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இந்தக் கட்டங்கள் எப்படி வருகின்றன என்று பார்ப்போம். ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 பிக்சல் பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொரு பெட்டியையும் பக்கத்துப் பெட்டியைப் பார்க்காமல் தனியாகச் சுருக்குகிறது. சுருக்கும்போது எண்களை முழுதாக்குகிறது. புள்ளிகளைப் பத்தின் மடங்குக்கு முழுதாக்கினால் 43 எடுத்த பிள்ளைக்கு 40, 47 எடுத்த பிள்ளைக்கு 50 வரும். நான்கு புள்ளி வித்தியாசம் பத்தாகிவிடும். அதேபோல, மெல்ல வெளுத்துக்கொண்டு போக வேண்டிய வானத்தில் பெட்டிக்குப் பெட்டி ஒரு படி விழுகிறது. அதே படத்தை அளவு மாற்றியோ, ஓரம் வெட்டியோ, ஸ்க்ரீன்ஷொட் எடுத்தோ மீண்டும் சேமித்தால் புதிய பெட்டிகள் பழைய பெட்டிகளோடு பொருந்தாமல் விழும். காயத்தின் மேல் இன்னொரு காயம் அது.

குழுக்களில் கேட்டபோது மூன்று பிரதிகள் வந்தன. அகலம் 1440, 1080, 720 பிக்சல். பெரியதுதான் நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். நாங்கள் கிம்ப் மென்பொருளில் வானத்தை 800 வீதத்துக்குப் பெரிதாக்கிப் பெட்டிகளை அளந்தோம். ஒரு பெட்டியை மட்டும் அளந்தால் பிழைக்கும். பத்துப் பெட்டிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுக்க வேண்டும். 1440 படத்தில் ஒரு பெட்டி 12 பிக்சல். 1080 படத்தில் 9. 720 படத்தில் 6.

இப்போது வகுத்துப் பாருங்கள். 1440ஐ 12ஆல், 1080ஐ 9ஆல், 720ஐ 6ஆல். மூன்றிலும் விடை 120. குறுக்கே 120 பெட்டிகள். பெட்டி பிறக்கும்போது 8 பிக்சல்தான். ஆகவே மூன்றுக்கும் தாய் 960 பிக்சல் அகலமான ஒரே படம். யாரோ எப்போதோ அதை மிகக் கடுமையாகச் சுருக்கியிருக்கிறார்கள். 1440 பிக்சல் படம் பிறகு இழுத்துப் பெரிதாக்கப்பட்டது. அதில் கூடுதலாக ஒரு விபரமும் இல்லை. ஆனாலும் பெயர்ப்பலகை எழுத்துக்கள் அதில்தான் தெளிவாக இருந்தன. தாய்ப் படத்துக்குப் பிறகு குறைவாக அடிபட்டது அதுதான் என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம்.

வேலை இதுதான். கறுப்பு வெள்ளைப் படத்தில் முகங்களில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகத் திட்டுக்கள் இருந்தன. மூலத்தில் நிறமே இல்லாதபோது அவை முழுவதும் குப்பை. கிம்பில் Image > Mode > Grayscale கொடுத்ததும் போய்விட்டன. அடுத்து Image > Scale Image மூலம் படத்தை 960க்கு 640 ஆகச் சிறிதாக்கினோம். பெட்டி மீண்டும் 8 பிக்சலுக்கு வந்துவிட்டது. இந்தப் படி முக்கியம். கட்டம் நீக்கும் கருவிகள் பெரும்பாலும் 8 பிக்சல் என்று எண்ணித்தான் வேலை செய்யும். 12 பிக்சல் பெட்டியோடு கொடுத்தால் கட்டம் அப்படியே நிற்க, படம்தான் மங்கும். பிறகு PNG ஆகச் சேமித்து, லெப்டொப்பில் ffmpeg கொண்டு இந்தக் கட்டளையைக் கொடுத்தோம்:

```
ffmpeg -i padam.png -vf "format=gray,spp=6:12" sutham.png
```

இந்த spp செய்வது வேடிக்கையான வைத்தியம். நோயையே மருந்தாகக் கொடுக்கிறது. படத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 64 விதமான நிலைகளில் ஜேபெக் போலவே சுருக்கி விரித்து, எல்லாவற்றின் சராசரியையும் எடுக்கிறது. தொப்பியின் விளிம்பும் பலகை எழுத்தும் உண்மையானவை என்பதால் 64 தடவையும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். பெட்டியின் பொய்யான விளிம்பு சராசரியில் கரைந்துவிடும். கட்டம் எந்தப் பிக்சலில் தொடங்குகிறது என்று தேடவும் தேவையில்லை. 6 என்பது 64 நிலைகளையும் எடு என்று சொல்கிறது. 12 என்பது மருந்தின் அளவு. நாங்கள் 8, 12, 20 என்று மூன்று வைத்துப் பார்த்தோம். 8இல் வானத்தில் கட்டம் மிஞ்சியது. 20இல் சட்டைப் பொத்தான்கள் காணாமல் போயின.

அளவு மிஞ்சிவிட்டதா என்று கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. சுத்தம் செய்த படத்தின் மேல் பழைய படத்தை இன்னொரு லேயராக வைத்து Difference என்ற நிலைக்கு மாற்றுங்கள். நாம் அகற்றியது மட்டும் தெரியும். இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். அங்கே கட்டக் கோடுகள் மட்டும் தெரிந்தால் நல்லது. கண், மூக்கு, எழுத்து என்று ஏதாவது தெரிந்தால் குப்பையோடு மனிதரையும் சேர்த்துத் துடைத்திருக்கிறோம் என்று பொருள். 20இல் பெயர்ப்பலகை எழுத்து தெரிந்தது. 12இல் தெரியவில்லை. அதோடு நின்றுகொண்டோம்.

ஆசிரியரின் கன்னத்தில் ஒரு செங்குத்துக் கோடு இருந்தது. "வாப்பப்பாட முகத்தில வெட்டுக் காயமா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்டார்களாம். அந்தக் கோடு நேர்கோடு. மேலே வானத்தில் தெரிந்த கட்டக் கோட்டோடு ஒரே வரிசையில் வந்தது. கீழே பக்கத்தில் நின்றவரின் தோளிலும் தொடர்ந்தது. தழும்பு இன்னொருவர் தோளுக்குப் போகாது. அது பெட்டியின் ஓரம்தான், சுத்தம் செய்ததும் போய்விட்டது. நெற்றியில் இருந்த கறுப்புப் புள்ளி எந்தக் கட்டக் கோட்டிலும் இல்லை. அதை நாங்கள் தொடவில்லை. அது மச்சம் என்று மூத்த மகள் பிறகு சொன்னார்.

கண்களைத் தெளிவாக்க முடியுமா என்றும் கேட்டார்கள். முடியாது. அந்த முகம் 32 பிக்சல் அகலம். குறுக்கே நான்கு பெட்டிகள். ஒரு கண் முழுவதும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பெட்டியில் முழுதாக்கித் தள்ளிய விபரம் எந்தக் கோப்பிலும் இல்லை. கூராக்கினால் வருவது ஒரு கண்ணாக இருக்கலாம், அவருடைய கண்ணாக இருக்காது. மேடைக்கு மூன்று அடி பனர் அடிக்கவும் இது தாங்காது. 960 பிக்சலை அங்குலத்துக்கு 200 என்று அச்சிட்டால் 4.8 அங்குலம் வரும். மலரின் பக்கத்துக்கு அது போதும்.

சுத்தம் செய்த படம் PNG ஆக இருக்கிறது. வேண்டியவர்களுக்கு வட்ஸ்அப்பில் டொக்யுமென்ட் ஆகத்தான் அனுப்புவோம். நீங்களும் அப்படியே அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் மீண்டும் சுருங்கும். உங்களிடம் இந்தப் படம் இருந்தால் அகலத்தைப் பார்க்க வேண்டாம், குறுக்கே பெட்டிகளை எண்ணிப் பாருங்கள். 120 வந்தால் நம்மிடம் உள்ளதுதான். வேறு எண் வந்தால், அல்லது பெட்டியே தெரியாவிட்டால், அது வேறு வழியில் வந்த பிரதியாக இருக்கலாம். உடனே எங்களுக்குச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் யாருடைய பெட்டியிலாவது கடதாசிப் பிரதி இருந்தால் இன்னும் நல்லது. இவ்வளவு வேலையும் தேவையில்லாமல் போய்விடும்.