வருடக் கடைசி கார் நோட்டீஸ்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பாளையங்கோட்டையில் காலைப் பேப்பருக்குள்ளிருந்து கார் நோட்டீஸ்கள் உதிரும். வழவழப்பான தாள், மஞ்சள் நட்சத்திரம், அதற்குள் ஒரு லட்சம். வங்கியில் வாகனக் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இந்த நோட்டீஸ்களை நான் பஞ்சாங்கம் மாதிரி கருத்தாகப் படிப்பேன். படித்தும் ஒரு முறை ஏமாந்தேன். ஏமாந்தது நான் என்றாலும் நஷ்டம் என் நண்பருக்கு. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

நண்பர் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2022 டிசம்பரில் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, 1,05,000 ரூபாய் வரை சேமிப்புன்னு போட்டிருக்கான். எம் பழைய வண்டியக் கொடுத்துட்டு இத எடுத்துரலாமா? நீங்க பேங்க்ல இருந்தவங்க, பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலோட்டமாகப் பார்த்து, "எடுங்க வாத்தியாரே, நல்ல ஆஃபர்தான்" என்று சொல்லிவிட்டேன். அந்த "வரை" என்ற சொல்லில் நான் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும்.

அந்த 1,05,000 நான்கு துண்டுகளைச் சேர்த்து ஒட்டியது. ரொக்கத் தள்ளுபடி 40,000. எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30,000. கார்ப்பரேட் சலுகை 10,000. இலவச உதிரி அலங்காரங்கள் 25,000. இதில் கார்ப்பரேட் சலுகை குறிப்பிட்ட கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு. பென்ஷன் வாங்கும் வாத்தியாருக்கு அது கிடையாது. அலங்காரம் என்பது சீட் கவர், மேட், கதவில் ஒட்டும் பட்டை போன்ற சாமான்கள். விலைப்பட்டியல்படி 25,000. வாத்தியார் தானாகக் கடைக்குப் போயிருந்தால் மேட்டும் மட்ஃபிளாப்பும் மட்டும் வாங்கியிருப்பார், ஆறாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

இனி எக்ஸ்சேஞ்ச் போனஸ். இதுதான் ஆளைக் குழப்புவது. பழைய வண்டிக்குக் கொடுக்கும் விலை வேறு, போனஸ் வேறு. வண்டியின் விலைக்கு மேலே, "எங்களிடம் கொடுத்ததற்காக" என்று தருவதுதான் போனஸ். வாத்தியாரின் வண்டியை ஷோரூம்காரர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்து 1,35,000 என்று மதிப்புப் போட்டார்கள். போனஸ் 30,000 சேர்த்து 1,65,000. வாத்தியாருக்குப் பரம சந்தோஷம். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவருடைய மெக்கானிக் அதே வண்டியை 1,60,000க்குக் கேட்டிருந்தார். அப்படியானால் அந்த முப்பதாயிரத்தில் வாத்தியாருக்கு உண்மையில் வந்தது ஐந்தாயிரம். மீதி இருபத்தைந்தாயிரம் அவருடைய வண்டியின் சொந்த விலையே. இடது கையில் வாங்கி வலது கையில் கொடுத்தார்கள்.

ஆக 40,000, 5,000, 6,000 மூன்றும் சேர்த்து 51,000. நோட்டீஸில் இருந்ததில் பாதிக்கும் குறைவு. இந்தக் கணக்கை நான் போட்டது வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, அவர் வாங்கிவந்த திருநெல்வேலி அல்வாவைத் தின்றுகொண்டே. தொண்டையில் இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஆர்.சி. வந்தபோது தெரிந்தது. பதிவு 12/2022. தயாரிப்பு 01/2022. நோட்டீஸில் "2022 மாடல்" என்றுதான் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அந்தக் கார் கிட்டத்தட்ட பதினொரு மாதம் எங்கோ வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது. நம் ஊரில் "மாடல்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். புதுக் கார் வாங்கும்போது அது காரின் ரகம். பழைய கார் விற்கும்போது அது வருடம்: "எத்தன மாடல் வண்டி?" என்றுதான் முதல் கேள்வி வரும். வாங்குகிறவர் ஆர்.சி.யைப் பிரித்துத் தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் பார்ப்பார். டிசம்பர் 29ஆம் தேதி டெலிவரி எடுத்த வாத்தியாரின் கார் மூன்றாவது நாள் பேச்சுவழக்கில் போன வருடத்து மாடல் ஆகிவிட்டது. அந்த நாற்பதாயிரம் தள்ளுபடியே இதற்குத்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வாத்தியார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விடுங்க அண்ணாச்சி, வண்டி நல்லா ஓடுது" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மறு வருடம், 2023 நவம்பர் கடைசியில், என் அக்கா மகன் வந்தான். அவன் வேறொரு ஷோரூமில் விற்பனை மேலாளர். "மாமா, வருசக் கடைசி ஸ்டாக் கிளியரன்ஸுக்கு ஒரு நோட்டீஸ் எழுதணும். தமிழ்ல நல்லா எழுதிக் கொடுங்க" என்றான். அவன் கொண்டுவந்திருந்த பழைய நோட்டீஸில் அதே மஞ்சள் நட்சத்திரம், அதே "வரை".

"எழுதித் தாரேன். ஆனா முதல்ல யார்டுல நிக்கிற வண்டியெல்லாம் எந்த மாசம் தயாரானதுன்னு லிஸ்ட் கொண்டா" என்றேன். முழித்தான். வண்டியோடு கம்பெனியிலிருந்து வரும் படிவம் 22, பதிவுக்கு டீலர் கொடுக்கும் படிவம் 21, சேசிஸ் எண்ணில் இருக்கும் வருட மாதக் குறியீடு, இவற்றை வைத்து அரை மணி நேரத்தில் எடுக்கக்கூடிய தகவல் இது. குறியீடு வரும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவர்கள் ஆட்களுக்கு மனப்பாடம். வாங்குகிறவர்கள் டயரைப் பார்க்கலாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2123 என்றால் 2023ஆம் வருடத்தின் 21ஆவது வாரம் தயாரான டயர். கார் அதற்கு முந்தியது இல்லை என்பது மட்டும்தான் அதில் தெரியும். எவ்வளவு பிந்தியது என்று தெரியாது. ஆகவே பணம் கட்டுமுன் சேசிஸ் எண்ணை எழுதி வாங்கித் தயாரிப்பு மாதத்தைக் கேட்பதுதான் சரி.

லிஸ்ட் வந்தது. நோட்டீஸில் போட நினைத்த ரகத்தில் பத்து கார். ஆறு மே மாதத்தவை, நான்கு அக்டோபர் மாதத்தவை. எல்லாவற்றுக்கும் ஷோரூம் விலை 7,85,000. மே மாதக் கார்களுக்கு 40,000 தள்ளுபடி, அக்டோபர் கார்களுக்கு 20,000. இத்தனை தெளிவான விஷயத்தை ஏன் மறைக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் எழுதிக் கொடுத்தது இது:

"2023 மே மாதம் தயாரான 6 கார்கள். ஷோரூம் விலை ரூ.7,85,000. வாங்கும் எல்லோருக்கும் தள்ளுபடி ரூ.40,000. பில்லில் வரும் விலை ரூ.7,45,000.

2023 அக்டோபர் மாதம் தயாரான 4 கார்கள். தள்ளுபடி ரூ.20,000. பில்லில் வரும் விலை ரூ.7,65,000.

சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் தனி. ஆன்ரோடு கணக்கு பின்பக்கம்.

பழைய கார் கொடுப்பவர்களுக்கு: உங்கள் காருக்கு நாங்கள் தரும் விலையை முதலில் எழுதித் தருவோம். அதை வெளியிலும் விசாரித்துப் பாருங்கள். எங்களிடம் கொடுத்தால் அந்த விலைக்கு மேல் ரூ.30,000. பழைய காரின் ஆர்.சி. உங்கள் பெயரிலோ, உங்கள் கணவர், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் பெயரிலோ இருக்க வேண்டும். ஆர்.சி. பெயர் மாறிய பிறகே இந்தத் தொகை கிடைக்கும்."

படித்துவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். "மாமா, எதுத்த ஷோரூம்காரன் ஒரு லட்சம்னு போடுவான். நாம நாப்பதாயிரம்னு போட்டா எவன் வருவான்? அதோட மே மாசம்னு நாமளே சொல்லிக் கொடுக்கணுமா?"

முதல் கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இரண்டாவதற்கு இருந்தது. "மே மாசம்னு சொன்னாத்தான் நாப்பதாயிரத்துக்கு அர்த்தம் வருது. ஏழெட்டு வருசம் ஓட்டப்போறவன் மே மாச வண்டியச் சந்தோசமா எடுப்பான். மூணு வருசத்துல மாத்துறவன் அக்டோபர எடுப்பான், இல்ல ஜனவரி வரைக்கும் பொறுப்பான். அவனவன் கணக்க அவனே போட்டுக்கிடட்டுமே." ஜனவரியில் விலை ஏறும் என்று கம்பெனிகள் அறிவிப்பது வழக்கம்தான். ஆனால் விற்காமல் தேங்கிய போன வருட வண்டிக்கு ஜனவரியில் தள்ளுபடி கூடுவதும் வழக்கம்தான். நோட்டீஸ்களில் முதலாவது மட்டும் இருக்கும்.

இன்னொன்றும் காட்டினேன். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, நிபந்தனைக் குறிப்பு விளம்பரத்தில் சொன்ன அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். அவன் கொண்டுவந்த நோட்டீஸில் "சேமிப்பு" தமிழில் உள்ளங்கை அகலத்தில் இருந்தது. நிபந்தனை ஆங்கிலத்தில் எறும்பு வரிசையாக, அடியில். ஒரு விலையைப் போட்டு ஆள் இழுத்தால் அந்த விலைக்குக் கொடுக்கப் போதுமான சரக்கு இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. அதனால்தான் ஆறு கார், நான்கு கார் என்று எண்ணிக்கை போட்டேன்.

இரண்டு நாள் கழித்து முதலாளியிடம் பேசிவிட்டு வந்தான். பேப்பருக்குள் வைக்கும் நோட்டீஸில் நான் எழுதியது அப்படியே போகும். ரோட்டோர போர்டில் மட்டும் "ரூ.80,000 வரை" என்று இருக்கும். "வெளியிலும் விசாரித்துப் பாருங்கள்" என்ற வரியை முதலாளி அடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காக ரொம்ப நேரம் வாதாடினேன். விலையை முதலில் எழுதித் தருவோம் என்பது நின்றதே, அதுவே பெரிசு என்று விட்டுவிட்டேன். விலை கையில் எழுத்தாக வந்துவிட்டால் விசாரிக்க நினைப்பவன் தானே விசாரிப்பான்.

மே மாதக் கார்கள் ஆறில் ஐந்து டிசம்பர் 24க்குள் போய்விட்டன என்றான். நோட்டீஸால்தானா, விலையாலா என்று அவனுக்கும் தெரியவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் சொன்னான்: நோட்டீஸோடு வந்தவர்கள் ஷோரூமில் சண்டை போடவில்லை. போர்டைப் பார்த்து வந்தவர்கள் போட்டார்கள்.

அந்த நோட்டீஸில் ஒன்றை வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாத்தியார் அல்லவா, முதலில் சந்திப்பிழை தேடினார். இரண்டு இடத்தில் சிவப்பு மையால் 'க்' போட்டார். பிறகு மே மாதம் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"போன வருசம் இத எழுதியிருக்கலாம்ல அண்ணாச்சி" என்றார்.