மூத்தம்மா, இடமிருக்கா? (ஒரு பிரெஞ்சுப் படக்கதை தமிழுக்கு வந்த விதம்)

எங்கள் தரம் 1 பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதற்காக ஒரு பிரெஞ்சுப் படக்கதையைத் தமிழாக்கினோம். மொத்தம் 28 பக்கம். பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிதான். "இது ஒரு பின்னேரத்து வேலைதானே" என்று கேட்டவர்கள் உண்டு. எங்களுக்கு ஆறு கிழமை எடுத்தது. ஏன் அவ்வளவு நாள் என்று கேட்டவர்களுக்காகவும், வீட்டில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் உம்மா வாப்பாமாருக்காகவும் இதை எழுதுகின்றோம்.

நாங்கள் ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்த இரண்டு பேர். எங்கள் இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. எங்களில் ஒருவரின் சாச்சி மகள் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார். புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். அவரிடம் நாங்கள் முதலில் கருத்தைக் கேட்கவில்லை. "உங்கட பிள்ளைக்கு எப்படி வாசிப்பீங்களோ அப்படி வாசிச்சு வொய்ஸ் அனுப்புங்க ராத்தா" என்றுதான் கேட்டோம். ஒரு சொல்லும் விளங்காமல் ஐந்தாறு தரம் கேட்டோம். அப்படியிருந்தும் எந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே குரல் ஏறுகிறது, எங்கே மூச்சு விடுகிறார் என்பதெல்லாம் காதில் பதிந்துவிட்டது. கருத்தை அதன் பிறகுதான் வரிக்கு வரி எழுதி எடுத்தோம்.

கதை இதுதான். மழை நாள். காட்டோரம் ஒரு சின்னக் குடிசை. உள்ளே ஒரு வயசான அம்மா. கூரை ஒழுகுகிறது. கதவு தட்டப்படுகிறது. எலி வந்து இடம் கேட்கிறது. பிறகு முயல், முள்ளெலி, நரி, கடைசியாகக் கரடி. ஒவ்வொரு தரமும் அதே கேள்வி, அதே பதில். எல்லோரும் நெருங்கி இருக்கும்போது கரடியின் மூக்கில் ஓர் ஈ வந்து இருக்க, கரடி தும்ம, குடிசை சரிகிறது. உக்ரைனில் சொல்லப்படும் கையுறைக் கதையும் இந்தச் சாதிதான். பனியில் விழுந்து கிடக்கும் ஒரு கையுறைக்குள் மிருகங்கள் ஒவ்வொன்றாக வந்து புகும்.

முதல் பிரச்சினை அந்தக் கேள்வி பதிலில் வந்தது. பிரெஞ்சில் அது ஒரே அளவான இரண்டு வரி, இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன. பிரெஞ்சுப் பேச்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் விழும். அதனால் வரி முடிவில் ஓசை ஒத்து வந்தால் காதுக்கு இனிக்கும். அதை அப்படியே பின்பற்றி, வரி முடிவுகளை ஒத்துப்போக வைத்துத் தமிழில் எழுதிப் பார்த்தால், வாசிக்கும்போது ஒன்றும் ஒட்டவில்லை. தமிழ்க் காது சொல்லின் தலைப்பக்கத்தைக் கவனிக்கும் காது. எதுகையும் மோனையும் அங்கேதானே இருக்கின்றன. ஆகவே ஓசையை வரியின் வாலிலிருந்து தலைக்கு மாற்றினோம். கடைசியில் நின்றது இதுதான்:

"மூத்தம்மா, மூத்தம்மா,
உள்ளுக்கு இடமிருக்கா?"

"இருக்கு மனே, இருக்கு!
நெருங்கி இருந்தா இருக்கு!"

இருக்கு, நெருங்கி, இருந்தா. மூன்றிலும் இரண்டாம் எழுத்து "ரு". எதுகை தானாக வந்து விழுந்தது. கை தட்டிப் பார்த்தால் கேள்வியின் ஒவ்வொரு வரிக்கும் நாலு தட்டு. பதிலின் வரிகளுக்கு மூன்று தட்டுத்தான், நாலாவது வெறும் தட்டு. அந்த வெறும் தட்டில்தான் பிள்ளைகள் மூச்சு எடுக்கிறார்கள்.

இதைப் பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர் அன்போடு ஒரு திருத்தம் சொன்னார். "ஐந்து தரமும் ஒரே வரியா? ஒரு தரம் 'தாராளமாக வா', இன்னொரு தரம் 'உனக்கில்லாத இடமா' என்று மாற்றுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்வளம் கூடும்." கட்டுரை எழுதப் பழக்கும்போது நாங்களும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்கிறோம். ஆனால் இந்தக் கதையில் அந்த ஆலோசனையை ஏற்கவில்லை. காரணம் கரடியின் பக்கத்தில் இருக்கிறது. கரடி வந்து கேட்கும்போது அந்த அம்மா பிரெஞ்சில் அதே பதிலைத்தான் சொல்கிறார், ஆனால் ஒரு துண்டு மட்டும் மாறுகிறது. தமிழில் அதை இப்படி வைத்தோம்:

"இருக்கு மனே, இருக்கு!
மூச்சை அடக்கினா இருக்கு!"

வகுப்பே இதற்குத்தான் சிரிக்கும். முதல் நாலு தரமும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருந்தால் மட்டுமே ஐந்தாவது தரம் மாறியது பிள்ளையின் காதில் படும். ஒவ்வொரு தரமும் வேறு வேறாகச் சொல்லியிருந்தால் "மூச்சை அடக்கினா" என்பதும் இன்னொரு புது வரியாகப் போயிருக்கும், பகிடி செத்திருக்கும். அதனால் மொழிபெயர்க்கும்போது ஒரு பட்டியல் வைத்துக்கொண்டோம். மூலத்தில் எந்த வரி எத்தனை தரம், எந்தப் பக்கத்தில் வருகிறது, எங்கே மாறுகிறது என்பது அதில் இருந்தது. மூலம் மாறாத இடத்தில் நாங்களும் மாற்றவில்லை.

அடுத்தது ஓசைச் சொற்கள். பிரெஞ்சில் மழைத்துளிக்கு "ப்ளிக், ப்ளொக்" என்கிறார்கள். முதல் துளி மெல்லியது, அடுத்தது கனமானது. உயிரொலி மாறுவதால்தான் அந்த வித்தியாசம் கேட்கிறது. "சொட்டுச் சொட்டாக விழுந்தது" என்று எழுதினால் கருத்து வரும், துளி கேட்காது. "டிக் டொக்" என்றால் மணிக்கூடு. "டிப் டொப்" என்று வாசித்துப் பார்த்தபோது வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவர்களுக்கு அது பெருநாள் உடுப்பு உடுத்த மாமா. கடைசியில் "சிட்… சொட்…" என்று வைத்தோம். "சொட்" நமக்குத் தெரிந்த சொல்லின் துண்டு, "சிட்" அதன் தம்பி. பிள்ளைகள் கேட்காமலே ஒரு விரலால் மேசையில் தட்டத் தொடங்கினார்கள்.

ஓசைச் சொல்லை எங்கே வைப்பது என்பதும் கேள்வி. "டொக் டொக் டொக் என்று கதவு தட்டப்பட்டது" என்று எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். "என்று" வந்தவுடன் ஓசை அணைந்துவிடும், அது வெறும் தகவலாகிவிடும். அதனால் ஓசைச் சொல் வரும் இடமெல்லாம் அதைத் தனி வரியாக விட்டோம், "என்று" போடவில்லை. கதவில் தட்டும் படம் பக்கத்தில் இருக்கும்போது தட்டப்பட்டது என்று சொல்லவும் தேவையில்லை.

குடிசை சரியும் இடத்தில் பிரெஞ்சில் ஒரே சொல், "பத்தத்ரா". பொருட்கள் குவியலாகச் சரிந்து விழும் சத்தத்துக்கு அவர்கள் சொல்வது. தமிழில் சரிவதற்கு ஒரு சத்தம், விழுவதற்கு இன்னொரு சத்தம் இருக்கிறது. படத்தைப் பார்த்தோம். இடப்பக்கத்தில் கூரை சாய்கிறது, வலப்பக்கத்தில் எல்லாம் நிலத்தில். ஆகவே இடப்பக்கத்துக்கு "மடமட… மடமட…", வலப்பக்கத்துக்கு "படார்!". இந்த ஓரிடத்தில் மூலத்தைவிட ஒரு சொல் கூடுதலாக வைத்தோம், படம் அதற்கு இடம் தந்தபடியால்.

எல்லாவற்றையும்விட எங்களை அலைக்கழித்தது பக்கம் புரட்டும் இடம்தான். பிரெஞ்சில் வாக்கியம் "கதவடியில் நிற்பது…" என்ற மாதிரிப் பக்கத்தின் அடியில் நிற்கும். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தைப் புரட்டினால் வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக மிருகத்தின் பெயர். தமிழில் வினை கடைசியில் வரும். "கதவடியில் ஒரு முயல் நின்றுகொண்டிருந்தது" என்று எழுதினால் முயல் நடுவிலேயே வெளிப்பட்டுவிடும், பிறகு "நின்றுகொண்டிருந்தது" என்று ஒரு நீண்ட வால் இழுபடும். இதற்கு வழியும் தமிழிலேயே இருந்தது. "வந்தது யார்?" என்று நாம் தினமும் கேட்கிறோமே, அந்த அமைப்புத்தான். பக்கத்தின் அடியில் "கதவடியில் நிற்பது…" என்று விட்டோம். புரட்டினால் "முயல்!" அவ்வளவுதான். பெயர் கடைசியில், வால் இல்லை.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்றும் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. கதை சொல்லும் வரிகளை எளிய எழுத்துத் தமிழில் வைத்தோம், பிள்ளை நாளைக்குத் தானே வாசிக்க வேண்டும் அல்லவா. பாத்திரங்கள் பேசும் வரிகளை மட்டும் நம் ஊர்ப் பேச்சில் வைத்தோம். குடிசைக்காரி "பாட்டி" ஆகவில்லை, மூத்தம்மா ஆனார். மூத்தம்மா "மகனே, உள்ளே வருக" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது.

தும்மலுக்குப் பிறகு வரும் வரியை என்ன செய்வது என்று கடைசி வரை தெரியவில்லை. பிரான்ஸில் யாராவது தும்மினால் பக்கத்தில் இருப்பவர் "ஆ தே சுவே" என்பாராம். உன் விருப்பங்கள் நிறைவேறட்டும் என்ற கருத்து. புத்தகத்தில் எல்லா மிருகங்களும் சேர்ந்து அதைச் சொல்கின்றன. தமிழில் "நூறு ஆயுசு" என்று போடலாமா என்று யோசித்தோம். முதல் வாசிப்பில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, "ஹா… ஹா… ஹச்சூ!" என்று வாசித்துவிட்டுச் சற்று நிறுத்தினோம். வகுப்பே ஒரே குரலில் "யர்ஹமுகல்லாஹ்!" என்றது. அந்த வரியை வெறுமையாகவே விட்டுவிட்டோம். வேறு பாடசாலையில் வாசித்தால் அங்குள்ள பிள்ளைகள் தங்கள் வீட்டில் சொல்வதைச் சொல்லட்டும்.

வரி சரியா என்று பார்க்க எங்களிடம் இருந்த சோதனை ஒன்றுதான். பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லும்படி கேட்காமல் வாசிப்பது. மூன்றாவது மிருகம் வரும்போது அவர்களாகவே சேர்ந்தால் வரி நன்று. சேர்ந்து, ஆனால் ஆளுக்கொரு இடத்தில் தடுமாறினால் வரியில் எங்கோ ஓர் அசை கூடியோ குறைந்தோ இருக்கிறது. முதலில் "உள்ளுக்குள்ளே இடமிருக்கிறதா" என்று எழுதியிருந்த வரி இப்படித்தான் சுருங்கியது.

தரம் 1க்கு வந்து ஒரு தவணை முழுக்க வகுப்பில் வாய் திறக்காத ஒரு பிள்ளை இருந்தார். பெயர் கூப்பிட்டாலும் தலையைத்தான் ஆட்டுவார். முள்ளெலி கதவைத் தட்டியபோது "இருக்கு மனே, இருக்கு" என்ற குரல்களுக்குள் அவருடைய குரலும் இருந்தது. அடுத்து என்ன வரும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பிழைத்துவிடுமோ என்று பயப்பட அந்த வரியில் ஒன்றும் இருக்கவில்லை.

தமிழ் வரிகளைத் துண்டுத் தாளில் எழுதிப் பிரெஞ்சு வரிகளுக்கு மேலே செருகியிருக்கின்றோம். வகுப்பில் வாசிக்க மட்டும்தான். அச்சடித்துத் தரும்படி கேட்டவர்கள் மன்னிக்கவும், படமும் கதையும் வெளியீட்டாளருக்குரியவை, அனுமதி இல்லாமல் அது சரிவராது.

இன்னும் ஒரு சொல் எங்களுக்குத் திருப்தியில்லாமல் கிடக்கிறது. மழை விட்ட பிறகு, கடைசிப் பக்கத்தில், இலையிலிருந்து ஒரே ஒரு துளி கீழே இருக்கும் குட்டைக்குள் விழுகிறது. பிரெஞ்சில் "ப்ளூப்". நாங்கள் இப்போதைக்கு "ப்ளக்" என்று வைத்திருக்கின்றோம். உங்கள் வீட்டு மூத்தம்மாமார் கிணற்றுக்குள் சின்னக் கல் விழுந்தால் என்ன சத்தம் என்று சொல்வார்கள்? கேட்டு எழுதுங்கள்.