சீட்டை எடுக்கும் முன் கேள்வி

டாரட் கட்டின் 78 சீட்டுகளில் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதியது ஒன்றுமில்லை. பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் வெளிவந்த கட்டில் இருப்பவை காட்சிகள். ஆகவே ‘இந்த வேலை கிடைக்குமா?’ என்று கேட்டவருக்குப் பென்டக்கிள் எட்டு வந்தால் குழப்பமே மிஞ்சும். அதில் ஓர் இளைஞன் உளியும் சுத்தியுமாக நாணயம் செதுக்கிக்கொண்டிருக்கிறான். வேலை கிடைக்கும் என்பதா, இன்னும் உழை என்பதா? புதியவர் தாம் விரும்பிய பொருளையே அதில் படித்துக்கொள்வார். இல்லையேல் இன்னொரு சீட்டை எடுப்பார்.

வினா விகுதியான ‘ஆ’வை நீக்கினால் போதாதா என்றால், போதாது. ‘எப்போது கிடைக்கும்?’ என்பதில் அவ்விகுதி இல்லை. ஆனால் கிடைத்தே தீரும் என்ற முடிவு அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது.

‘நேர்காணலுக்கு முன்னுள்ள இரண்டு வாரத்தில் நான் எதில் உழைப்பைச் செலுத்துவது?’ என்று கேட்டிருந்தால் அதே சீட்டு பயன்பட்டிருக்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கை அது. ஆசிரியப் பணி எனில், நடத்திக்காட்ட வேண்டிய மாதிரிப் பாடத்தைப் பலமுறை ஒத்திகை பார்க்கலாம். தேர்வுக் குழுவின் மனம் சீட்டுக்குத் தெரியாது. கேள்வியை முன்னதாகத் தாளில் எழுதிவைப்பதும் நன்று. படம் பிடிக்காதபோது கேள்வி மெல்ல மாறிவிடும்.