தினமும் 6 கிலோமீட்டர் நடை... ஆனாலும் ஏறிய ட்ரைகிளிசரைடு! தப்பு எங்கே?

திருச்சியில் கணக்காளராக இருக்கும் அந்த 46 வயதுக்காரரைப் பார்த்தால் யாரும் நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். தொப்பை கிடையாது. காலை 5.30 மணிக்கு நடக்கக் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் 6 கிலோமீட்டர் முடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். சர்க்கரை நோயால் கால் விரலை இழந்த அப்பாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அந்த நிலை தனக்கு வரக் கூடாது என்பதற்காகவே ஆரம்பித்த நடை அது.

ஆனால், ரத்தப் பரிசோதனை முடிவுகள் வேறு கதை சொல்லின. மூன்று வருடங்களில் ட்ரைகிளிசரைடு 148, 196, 268 என ஏறியிருந்தது. 150-க்குள் இருக்க வேண்டிய அளவு அது. 100-க்குள் இருக்க வேண்டிய வெறும் வயிற்றுச் சர்க்கரையும் 94-லிருந்து 112-க்கு வந்துவிட்டது. 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய்.

"நெய்யை விட்டாச்சு, தேங்காயை விட்டாச்சு, முட்டையில மஞ்சள் கருகூட சாப்பிடறதில்ல டாக்டர்" என்றார் பரிதாபமாக.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். ஒரு நாளைக்கு எத்தனை காபி?" என்று கேட்டார் டாக்டர்.

நான்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை. "வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திட்டோமே டாக்டர்" என்றார் உடன் வந்திருந்த மனைவி. நாட்டுச் சர்க்கரையோ, வெல்லமோ, தேனோ, கல்லீரலுக்கு எல்லாமே சர்க்கரைதான் என்றார் டாக்டர். நடை முடிந்ததும் ஒரு ஜூஸ், காலையில் ரவா உப்புமா, மதியம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, மாலையில் ரஸ்க். சனி, ஞாயிறு இரவுகளில் கூல் டிரிங்க்ஸ் கலந்து ஒரு குவார்ட்டர் பிராண்டி.

விடை இந்தப் பட்டியலில்தான் இருந்தது. ட்ரைகிளிசரைடு என்றால் கொழுப்பு. அதனால், கொழுப்பு சாப்பிட்டால்தான் அது ஏறும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், தேவைக்கு மேல் வரும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. மது உள்ளே போனால் அதை எரிப்பதுதான் கல்லீரலுக்கு முதல் வேலை. அதுவரை கொழுப்பை எரிக்கும் வேலை காத்துக்கிடக்கும். கூடவே கூல் டிரிங்க்ஸின் சர்க்கரையும் சேர்ந்தால் இரட்டைச் சுமை.

வெறும் வயிற்றில் சர்க்கரை ஏன் ஏற வேண்டும்? நாம் தூங்கும்போது கல்லீரல்தான் ரத்தத்துக்குச் சர்க்கரையைக் கொடுத்துக்கொண்டிருக்கும். 'போதும்' என்று அதைக் கட்டுப்படுத்துவது இன்சுலின். கல்லீரலில் கொழுப்பு படிந்துவிட்டால் அந்தக் கட்டளை சரியாக எடுபடாது. விடிய விடிய சர்க்கரை கூடுதலாக வெளியேறும்.

அப்படியானால் நடை வீணா? இல்லை. நடக்கும்போது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. நடக்காமல் இருந்திருந்தால் எண்கள் இன்னும் மோசமாகியிருக்கலாம். ஆனால், 70 கிலோ எடையுள்ள ஒருவர் 6 கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் 300 கலோரிதான். ஒரு குவார்ட்டரில் மட்டுமே சுமார் 400 கலோரி இருக்கிறது.

டாக்டர் உடனே மருந்து எழுதவில்லை. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை. முந்தைய இரவு குடித்த மதுவே ட்ரைகிளிசரைடை ஏற்றிக் காட்டும் என்பதால், இரண்டு வாரம் குடிக்காமல் இருந்து, 12 மணி நேரம் சாப்பிடாமல் மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். அப்போது வந்தது 224. தைராய்டு குறைபாட்டாலும் இது ஏறும் என்பதால் அதையும் பார்த்தார், பிரச்னை இல்லை.

அடுத்த மூன்று மாதங்கள் சர்க்கரை இல்லாத காபி, மது அறவே இல்லை, ஜூஸுக்குப் பதில் முழுப் பழம். சோறு பாதியாகக் குறைந்து, அந்த இடத்தில் சுண்டலும் பொரியலும் வந்தன. முட்டையின் மஞ்சள் கரு தட்டுக்குத் திரும்பியது. நடை வழக்கம்போல.

முடிவில் ட்ரைகிளிசரைடு 158. வெறும் வயிற்றுச் சர்க்கரை 105. இரண்டாவது எண்ணைப் பார்த்து அவர் முகம் வாடியது. "ட்ரைகிளிசரைடு சீக்கிரம் இறங்கும் சார். சர்க்கரை மெதுவாத்தான் வரும்" என்ற டாக்டர், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் அடுத்த முறை சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

எல்லோருக்கும் இதே வழி பொருந்தாது. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். பரம்பரையாக ஏறுபவர்களுக்கு உணவு மாற்றம் மட்டும் போதாமல் போகலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ, இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் தாழ்சர்க்கரை மயக்கம் வரக்கூடும். மருந்தின் அளவைப் பற்றி டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் தட்டில் கை வைக்க வேண்டும்.