புசல்லாவையா, உடப்புசல்லாவையா?

புசல்லாவையிலிருந்து தேயிலைப் பக்கற்றுகளை இணையச் சந்தையில் விற்கிறேன். படத்துக்கும் விவரத்துக்கும் கீழே வாங்க நினைப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். நான் எழுதும் பதிலை அந்தப் பக்கத்துக்கு வருகிற எல்லோரும் பார்க்கலாம். 'இன்பொக்ஸ் வாங்க' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறார் என்றால், அதே சந்தேகத்தோடு கேட்காமலே வேறு பக்கம் போனவர்களும் இருப்பார்கள். பதில் அவர்களுக்கும்தான்.

நீர்கொழும்பிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, இது உடப்புசல்லாவை டீயா?" எங்கள் ஊரில் யாருக்கும் இந்தக் கேள்வி வராது. வெளியூர்க்காரருக்கு இரண்டும் ஒரே ஊர்தான். உடப்புசல்லாவை நுவரெலியாவுக்குக் கிழக்கே இருக்கிறது. இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசங்களில் அது தனியாக ஒன்று. நாங்களோ கம்பளையிலிருந்து நுவரெலியா போகிற வழியில், றம்பொடைக்கு முன்னால் இருக்கிறோம். எங்கள் தேயிலை கண்டிப் பிரதேசத்தின் நடுத்தர உயரத் தேயிலை. 2000 முதல் 4000 அடி வரை விளைவதை அப்படிச் சொல்வார்கள். சாயம் நன்றாக இறங்கும், குடித்தால் திடமாக இருக்கும்.

'இல்லை' என்று ஒரு சொல்லில் முடித்திருந்தால் கேட்டவருக்குப் பதில் கிடைத்திருக்கும், பக்கம் அப்படியேதான் இருந்திருக்கும். நான் இப்படி எழுதினேன்: "இல்லீங்க அண்ணா. இது கம்பளைக்குப் பக்கத்துப் புசல்லாவை. உடப்புசல்லாவை வேற ஊர். நுவரெலியா டீ மாதிரி லேசான நிறம் வராது, நல்லா கடும் சிவப்பா இறங்கும். பால் ஊத்திக் குடிக்கிறவங்களுக்குப் பொருந்தும்."

அடுத்த வேலை மேலே உள்ள விவரத்தில். அங்கே 'சுத்தமான மலையகத் தேயிலை' என்று இருந்தது. அந்தக் கேள்வியைப் பிறப்பித்ததே இந்த வரிதான். மலையகம் என்றால் எந்த மலை? அதை எடுத்துவிட்டு, பதிலில் சொன்ன ஊர், நிறம் இரண்டோடு உயரத்தையும் சேர்த்து இரண்டு வாக்கியமாக அங்கே வைத்தேன். வரும் ஒவ்வொரு கேள்விக்கும் அடியில் ஒரு வரி ஒட்டிக்கொண்டே போனால் விவரம் குப்பைமேடாகிவிடும். எந்த வரி சந்தேகத்தைக் கிளப்பியதோ அந்த இடத்திலேயே பதில் போய் உட்கார வேண்டும். போனில் பார்க்கிறவர் முதல் இரண்டு மூன்று வரிதான் படிக்கிறார் என்பதால், அடிக்கடி வருகிற கேள்விக்கு உரியது முதலில் வரும்.

விவரத்தில் பதில் இருந்தும் திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வந்தால், சொன்ன விதம் ஆளுக்கு எட்டவில்லை என்று அர்த்தம். 'பிஓபிஎஃப்' என்று தெளிவாகப் போட்டிருந்தேன். ஆனாலும் "இது தூளா, இலையா?" என்று கேட்டார்கள். பிஓபிஎஃப் என்பது தரத்தின் பெயர் இல்லை, சிறுமணி அளவின் பெயர். டஸ்டைவிடச் சற்றுப் பெரியது. தொழிற்சாலைக்காரருக்குத் தெரிந்த இந்தச் சுருக்கம் சமையலறையில் நிற்கிறவருக்கு ஏன் தெரிய வேண்டும்? 'சிறுமணித் தேயிலை, டஸ்ட் இல்லை' என்று அவர்கள் பேச்சில் எழுதி, வெள்ளைத் தாளில் ஒரு கரண்டித் தேயிலையைப் பரப்பி, பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். அதுவரை இருந்த படங்களில் பக்கற்றின் முகம் மட்டும்தான் தெரிந்தது.

"எத்தனை கப் வரும்?" என்பதற்குக் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும். தேயிலை ருசி பார்ப்பவர்கள் பின்பற்றும் ஐஎஸ்ஓ 3103 முறையில் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம், 6 நிமிடம். வீட்டுக் கப் 150 மில்லிலீற்றர் என்றால் அந்தக் கடுமைக்கு 3 கிராம் வேண்டும், 200 கிராம் பக்கற்றில் 66 கப் வரும். சாதாரண பிளேன்டீக்கு 2 கிராம் போதும் என்கிறவருக்கு 100 கப். 'சுமார் 100 கப்' என்று மட்டும் போட்டால் பால் தேத்தண்ணி குடிக்கிறவர் ஏமாந்துபோவார். அதனால் இரண்டு கணக்கையும் போட்டிருக்கிறேன்.

எல்லாக் கேள்வியும் மேலே ஏறாது. "கொஞ்சம் குறைச்சுத் தருவீங்களா?" என்பது அவருக்கும் எனக்கும் இடையில். தொலைபேசி எண்ணையோ முகவரியையோ கேள்வியோடு எழுதிவிடுகிறவர்களும் உண்டு. அதைப் பதிலில் நான் திருப்பி எழுதுவதே இல்லை.

விவரத்தை மாற்றிய பிறகும் பழைய பதில்கள் கீழேயே கிடக்கும். 200 கிராம் பக்கற் 400 கிராமாக மாறினால் '66 கப்' என்ற பழைய பதில் புது விவரத்தோடு முட்டும், வாங்குகிறவர் இரண்டில் எதை நம்புவார்? அளவு, விலை, பொதி என்று எது மாறினாலும் கீழே இறங்கிப் பதில்களை ஒருமுறை வாசித்து, திருத்த முடிந்ததைத் திருத்துகிறேன். திருத்த முடியாதபோது புதுப் பக்கற்றுக்குப் புதுப் பக்கமே போட்டுவிடுகிறேன்.